ஜிஎன்டி ரோடு ஓரமா சின்ன இடம் கெடச்சா பழக்கடையா, டீயா, பார்க்கிங்கா? எடுக்குறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

மாதவரம் ரவுண்டானா தாண்டி புழல், காவாங்கரை, செங்குன்றம்னு போற ஜிஎன்டி ரோட்டுல "கடைக்கு இடம் வாடகைக்கு"னு சுவத்துல எழுதி நம்பர் போட்டிருக்குறத நெறைய பாத்திருப்பீங்க. ஒரு தகர ஷெட், முன்னாடி கொஞ்சம் காலி இடம், எதிர்ல நாள் பூரா வண்டி ஓடுது, பாத்த உடனே இங்க எது வச்சாலும் ஓடும்னு தோணும். ஆனா இந்த மாதிரி இடத்துல ஜெயிக்கறதும் தோக்கறதும் ரெண்டே விஷயத்துல தான் இருக்கு. ஒண்ணு, அந்த வண்டிங்க அங்க நிக்க முடியுமா. ரெண்டு, தார் முடியிற எடத்துக்கும் உங்க இடம் ஆரம்பிக்கிற எடத்துக்கும் நடுவுல இருக்குற அந்தத் துண்டு மண்ணு யாருது. மத்ததெல்லாம் இது ரெண்டுக்கும் அப்புறம் தான்.

புரியறதுக்காக ஒரு இடத்தை எடுத்துக்குவோம். காவாங்கரை பக்கம், சிட்டியிலேருந்து செங்குன்றம் போற சைடு, சர்வீஸ் ரோட்டு மேலயே 20 அடி முகப்பு, 45 அடி ஆழம்னு ஓனர் சொல்றாரு. பின்னாடி பத்துக்குப் பன்னெண்டு தகர ஷெட். வாடகை 12,000, அட்வான்ஸ் 1 லட்சம். இது கணக்குக்காக நான் வச்சுக்கிட்ட இடம், எந்த ஓனரையும் சொல்லல, யாரும் கோவிச்சுக்க வேணாம்.

முதல்ல வண்டியை எண்ணாதீங்க, நிக்கற வண்டியை எண்ணுங்க

ஹைவேல ஓடுற வண்டி எண்ணிக்கையை வச்சு முடிவு பண்றது தான் புதுசா வர்றவங்க எல்லாரும் பண்றது. மெயின் ரோட்டுல போற லாரி, ஆந்திரா பஸ், காரெல்லாம் உங்களுக்கு வெறும் சத்தம் தான். நீங்க இருக்கறது சர்வீஸ் ரோட்டுல, நடுவுல தடுப்பு இருக்கு. மெயின் ரோட்டுலேருந்து சர்வீஸ் ரோட்டுக்கு எறங்கற ஓப்பனிங் எங்க இருக்குனு முதல்ல பாருங்க, அது உங்க இடத்துக்கு முன்னாடியே வந்துடணும். இடத்தைத் தாண்டி இருந்துச்சுனா, உங்க தர்பூசணியைப் பாத்து ஆசைப்பட்டவன் எறங்கும்போது கடை பின்னாடி போயிருக்கும், ஒன்வேல எவனும் ரிவர்ஸ் எடுத்து வரமாட்டான், வந்தாலும் ஆபத்து. அப்படிப்பட்ட இடத்துல உங்களுக்கு இருக்கறது சர்வீஸ் ரோட்டுலயே ஓடுற லோக்கல் பைக், ஆட்டோ, குட்டி யானை மட்டும் தான். அதுவே போதுமா இருக்கலாம், ஆனா வாடகையை அந்தக் கூட்டத்தை வச்சுப் பேசணும், மெயின் ரோட்டுல ஓடுற கூட்டத்தை வச்சு இல்ல.

அடுத்து தூரம். 60 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி, பாத்து, யோசிச்சு, பிரேக் புடிச்சு நிக்க சுமார் 80 மீட்டர் வேணும், 80ல வந்தா 120 மீட்டர். அதனால உங்க கடை, இல்ல குறைஞ்சது போர்டு, அவ்ளோ தூரத்துலயே கண்ணுக்குப் படணும். இதை வீட்ல உக்காந்து கணக்குப் போட வேணாம், பைக் எடுத்துட்டு அந்த சைடுல ரெண்டு தடவ ஓட்டிப் பாருங்க, ஷெட் எந்த இடத்துல கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்குதுனு ஒரு போஸ்ட்டையோ கடையையோ அடையாளம் வச்சுக்கிட்டு அப்புறம் நடந்து அளங்க. பகல்ல ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ. பக்கத்துல லாரி ஒண்ணு வழக்கமா நிக்குதுனா அது நிக்கும்போதும் பாருங்க, ஏன்னா வடசென்னைல எந்த ரோட்டோரம் காலியா இருக்கோ அங்க ஒரு டிரெய்லர் வந்து நிக்கும், இது எழுதப்படாத சட்டம், அது நின்னா உங்க கடை ரோட்டுலேருந்து மறைஞ்சே போயிடும்.

அப்புறம் தான் எண்ணுறது. நோட்டு எடுத்துட்டு விடியக்காலைல ஒரு மணி நேரம், காலைல பதினோரு மணி வாக்குல ஒரு மணி நேரம், சாயங்காலம் அஞ்சரைக்கு மேல ஒரு மணி நேரம் உக்காருங்க. வார நாள் ஒண்ணு, ஞாயித்துக்கிழமை ஒண்ணு. உங்க இடத்துக்கு ரெண்டு பக்கமும் பாத்து, எந்த வண்டி தானா வேகம் குறைக்குது, எது நிக்குது, எதுக்காக நிக்குதுனு மட்டும் எழுதுங்க. பஸ் ஸ்டாப்பு, வேகத்தடை, யூ டர்ன், பெட்ரோல் பங்க், பஞ்சர் கடை இதுங்க கிட்ட நிக்கற வண்டி தான் உங்க வருங்கால கஸ்டமர். பக்கத்துல ஏற்கனவே டீக்கடை இருந்தா அங்க போய் ஒரு டீ சொல்லிட்டு, ஒரு மணி நேரத்துல எத்தனை கிளாஸ் போகுதுனு பாருங்க, இதைவிட நல்ல சர்வே கிடையாது.

சைடு ரொம்ப முக்கியம். சிட்டிக்குள்ள போற சைடுல காலைல வேலைக்குப் போறவங்க, சிட்டிக்குள்ள கனரக வண்டிக்குத் தடை இருக்குற நேரம் முடியற வரைக்கும் வெளிய காத்துக்கிட்டு நிக்கற லாரிக்காரங்க, லோடுமேனுங்க, இவங்கெல்லாம் டீக்கு வருவாங்க. வெளிய போற சைடுல சாயங்காலம் செங்குன்றம், பாடியநல்லூர், சோழவரம்னு வீட்டுக்குத் திரும்புறவங்க. வீட்டுக்குப் போறவன் தான் பழம் வாங்குவான், வேலைக்குப் போறவன் ரெண்டு கிலோ கொய்யாவைத் தூக்கிட்டு ஆபீஸ் போகமாட்டான். நம்ம இடம் வெளிய போற சைடு. அப்போ டீயை விட பழத்துக்குத் தான் இடம் பொருந்துதுனு கால்வாசி முடிவு இங்கயே வந்துடுது.

ரெண்டாவது, டேப்பை எடுங்க

இது தான் நிறைய பேர் விடற வேலை. ஓனர் 45 அடினு சொன்னது எங்கேருந்து? அவரு மழைநீர் வடிகால் ஸ்லாப் ஓரத்துல நின்னுக்கிட்டு ஷெட் பின்சுவர் வரைக்கும் கையைக் காட்டுவாரு. பட்டாவுல அப்படி இருக்காது. eservices.tn.gov.in போய் சர்வே நம்பரைப் போட்டா பட்டா விவரம், நகரப் பகுதியா இருந்தா நகர நிலஅளவைப் பதிவு, அதோட புலப்படமும் கெடைக்கும், எஃப்எம்பினு எல்லாரும் சொல்றது அதைத் தான். அதுல இருக்குற அளவு மீட்டர்ல இருக்கும், 3.28ல பெருக்குனா அடி. அந்த ஸ்கெட்ச்ச வச்சு பின்னாடி எல்லைலேருந்து முன்னாடி வாங்க, முன்னாடிலேருந்து பின்னாடி போகாதீங்க. பின்னாடி சுவரோ கல்லோ அசையாம இருக்கும், முன்னாடி தான் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமா நகத்துறது.

நம்ம உதாரணத்துல அப்படி அளந்தா பட்டா ஆழம் 31 அடி தான் வருதுனு வச்சுக்குவோம். மீதி 14 அடி ஹைவேஸ் இடம். ஓனர் 900 சதுர அடிக்கு வாடகை கேக்குறாரு, அவருக்குச் சொந்தமா இருக்கறது 620. அவரு ஏமாத்துறாருனு இல்ல, அப்பா காலத்துலேருந்து அவங்க அதுல தான் வண்டி நிறுத்துறாங்க, அவருக்கே அது தன்னோடதுனு தான் நெனப்பு. ஆனா நீங்க பழ மேசையைப் போடணும்னு மனசுல வச்சிருந்த இடம் அந்த 14 அடிக்குள்ள தான் இருக்கு, அதான் சிக்கல்.

இன்னொண்ணு, காவாங்கரைல வெளிய போற சைடுனா புழல் ஏரி சைடு. அங்க சர்வே நம்பரை வச்சு 'அ' பதிவேட்டையும் கண்டிப்பா பாருங்க, அதே தளத்துல இருக்கு. வகைப்பாட்டுல ஏரி, கால்வாய், புறம்போக்குனு எது வந்தாலும் பேச்சை அங்கயே நிறுத்திடுங்க. ஏரி ஆக்கிரமிப்பை எடுக்கறதுக்குனே 2007லேருந்து தமிழ்நாட்டுல தனிச் சட்டம் இருக்கு, நீர்நிலைல இருக்கற கடைக்கு இன்னைக்கு இல்லனா நாளைக்கு புல்டோசர் வரும், வாடகை ரசீது, ஈபி பில்லு எதுவும் காப்பாத்தாது. அப்படியே tnreginet.gov.inல வில்லங்கமும் போட்டுப் பாத்துடுங்க, ஓனர்னு பேசறவரு தான் ஓனரா, கோர்ட்டு கேஸு ஏதாவது ஓடுதானு அக்கம்பக்கத்துலயும் விசாரிங்க. ரோடு அகலப்படுத்த நிலம் எடுக்கற நோட்டீஸ் வந்திருக்கானு ஓனரை நேரடியா கேளுங்க, தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்துல 3ஏ நோட்டீஸ்னா எடுக்கப் போறோம்னு அர்த்தம், 3டி வந்துட்டா நிலம் ஏற்கனவே அரசுக்குப் போயாச்சுனு அர்த்தம். 3டி வந்த இடத்தை வாடகைக்கு விடறவங்களும் உண்டு, சும்மா கெடக்குறதுக்கு வாடகை வரட்டுமேனு.

மூணாவது, யார் கிட்ட என்ன அனுமதி

ரோடு யாருதுனு தெரிய கிலோமீட்டர் கல்லைப் பாருங்க. தலைப்பகுதி மஞ்சளா இருந்தா தேசிய நெடுஞ்சாலை, பச்சைனா மாநில நெடுஞ்சாலை. ஜிஎன்டி ரோடு இந்தப் பகுதில தேசிய நெடுஞ்சாலை 16, பழைய ஆளுங்க இன்னும் என்ஹெச் 5னு தான் சொல்லுவாங்க. தேசிய நெடுஞ்சாலை இடத்துக்கு 2002ல வந்த நிலம் மற்றும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கு. அது படி ஹைவே இடத்துல அனுமதி இல்லாம மேசை, பந்தல், பெட்டி எதுவும் போடக்கூடாது. அதோட, பக்கத்து நிலத்துலேருந்து ஹைவேக்கு வண்டி ஏறி எறங்கறதுக்கும் அனுமதி வேணும். நடந்து போறதுனா கூட அஞ்சு பேர் இல்ல அதுக்கு மேல கூட்டமா போனா அனுமதி வேணும்னு அதுல இருக்கு, டீக்கடை வைக்கறவரு படிச்சா சிரிப்பு வரும், ஆனா சட்டம் அப்படித் தான்.

நடைமுறைல இதுக்கு என்ன அர்த்தம்னா, பார்க்கிங்னு போர்டு வச்சு வண்டி ஏத்தி எறக்குற இடத்துக்கு இது நேரடியா பாதிக்கும், வடிகால் ஸ்லாப் மேல கான்கிரீட் சரிவு போட்டு உள்ள வழி பண்ணா அது கண்ணை உறுத்துற மாதிரி தெரியும். நெடுஞ்சாலை ஆணையத்தோட திட்ட அலுவலகத்துல எழுத்துல கேட்டு, வழிக்கு அனுமதி வாங்குங்க. பட்டாவுக்குள்ளயே நிக்கற கடை, ஆளுங்க நடந்து வந்து வாங்கறாங்கனா உரசல் ரொம்பக் கம்மி. மாநில நெடுஞ்சாலையா இருந்தா 2001 தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், போக வேண்டிய ஆபீஸ் நெடுஞ்சாலைத் துறையோட கோட்டம்.

உள்ளாட்சி இந்த ரோட்டுல மாறிக்கிட்டே இருக்கும், இதுல தான் நிறைய அலைச்சல். புழல், காவாங்கரை வரைக்கும் சென்னை மாநகராட்சி, மாதவரம் மண்டலம். செங்குன்றம் ஊருக்குள்ள வந்தா நாரவாரிகுப்பம் பேரூராட்சி. அடுத்து பாடியநல்லூர் ஊராட்சி. கொஞ்ச தூரத்துலயே மூணு ஆபீஸ். தொழில் உரிமம் வாங்க வேண்டியது உங்க சர்வே நம்பர் எதுக்குள்ள வருதோ அங்க, அதனால முதல்ல சொத்துவரி ரசீது யாரு பேர்ல, எந்த உள்ளாட்சிலேருந்து வருதுனு ஓனர் கிட்ட கேட்டா வேலை சுலபம். தினமும் ஒருத்தர் வந்து சீட்டு கிழிச்சுக் காசு வாங்குறாருனா அந்த சீட்டு அனுமதி ஆயிடாது, அது வேற கணக்கு.

உணவு சம்பந்தமான எந்தக் கடையா இருந்தாலும், பழமாவே இருந்தாலும், எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேணும். வருஷ விற்பனை அவங்க வச்சிருக்குற வரம்புக்குள்ள இருந்தா பதிவு போதும், தாண்டுனா லைசென்ஸ், பதிவுனா கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபா, foscos.fssai.gov.inல நீங்களே போட்டுடலாம், ஏஜென்ட்டுக்கு ரெண்டாயிரம் குடுக்காதீங்க. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போடணும், அது தொழிலாளர் துறை முத்திரை ஆய்வாளர் வேலை. ஷெட்டுல இருக்குற ஈபி மீட்டர் வீட்டு இணைப்பா, கடை இணைப்பானு அட்டையைப் பாத்துக்கோங்க, வீட்டு இணைப்புல கடை ஓட்டுனா அபராதம் உங்க தலைல விழும். டீ போட்டா 19 கிலோ வணிக சிலிண்டர் தான், வீட்டு சிவப்பு சிலிண்டர் மாட்டக்கூடாது. 2019 ஜனவரிலேருந்து தமிழ்நாட்டுல உள்ள பிளாஸ்டிக் தடையில உள்பக்கம் பிளாஸ்டிக் பூசுன பேப்பர் கப்பும் வருது, இது பலருக்குத் தெரியாது, கண்ணாடி கிளாஸ் வச்சு கழுவ தண்ணி வசதி பண்ணிக்கறது தான் நிம்மதி.

நாலாவது, 620 சதுர அடில எது தேறும்

பார்க்கிங்கை முதல்ல பாத்துடுவோம், ஏன்னா அது தான் சும்மா உக்காந்து காசுனு ஆசை காட்டும். ஷெட்டை விட்டா மீதி 500 சதுர அடி. ஒரு பைக்குக்கு நடுவுல தள்ளிட்டுப் போற வழியும் சேத்தா 25 சதுர அடி போகும். ஆக 20 பைக். நாளைக்கு 20 ரூபானு முப்பது நாளும் ஃபுல்லா இருந்தா 12,000. சரியா வாடகை. காவலுக்கு ஆள் சம்பளம் கையிலேருந்து. லாரி பார்க்கிங்னு யாராவது சொன்னா விட்டுடுங்க, டிரெய்லர் உங்க மொத்த இடத்தை விட நீளம். மாதவரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போற தூரத்துல, ஊருக்குப் போறவங்க பைக்கை ரெண்டு மூணு நாள் விட்டுட்டுப் போற மாதிரி பெரிய இடம் இருந்தா கணக்கு வேற, காவாங்கரைல இது தேறாது.

டீக்கு மாஸ்டர் சம்பளம் தான் பெரிய பாரம். மாஸ்டருக்கு நாளைக்கு 800, வாடகை, கரன்ட்டு எல்லாம் சேத்து மாசம் 39,000னு வைங்க, நாளைக்கு 1,300. ஒரு டீ 15 ரூபால பால், தூள், சர்க்கரை, கேஸ் போக 8 ரூபா நிக்குதுனா தினமும் 160, 170 டீ ஓடினா தான் கைய கடிக்காது, உங்க உழைப்புக்கு அப்புறம் தான் காசு. வெளிய போற சைடுல காலைக் கூட்டம் இல்லாம இதை எட்டறது கஷ்டம். நீங்களே மாஸ்டர்னா யோசிக்கலாம்.

பழம். அளந்த ஸ்கெட்ச்சைக் காட்டி வாடகையை 8,500க்கு பேசி எறக்கியாச்சுனு வச்சுக்குவோம், 620 சதுர அடிக்கு அது நியாயமான விகிதம் தான். ஆளுக்கு 15,000, கோயம்பேட்டுலேருந்து சரக்கு ஏத்த வண்டி, கரன்ட்டு, பை எல்லாம் 8,500. மொத்தம் 32,000, நாளைக்கு 1,070 கிட்ட. இப்போ 70 ரூபாக்கு வாங்குன பழத்தை 100க்கு விக்கறோம், 30 ரூபா லாபம்னு தானே கணக்குப் போடுவோம்? பத்துல ஒரு பங்கு அடிபட்டு, அழுகி, சுருங்கிப் போகும். அப்போ கைக்கு வர்றது 90, லாபம் 20 தான். இந்தக் கணக்குல 1,070 வர தினமும் 3,750 ரூபாக்கு சரக்கு எடுத்து 4,800க்கு வித்தாகணும். ஒருத்தர் சராசரியா 150 ரூபாக்கு வாங்குனா 32 பேர். சாயங்காலம் மூணு மணி நேரத்துல 32 பேர்னா அஞ்சாறு நிமிஷத்துக்கு ஒருத்தர். இது வெறும் செலவுக்கு, உங்களுக்கு வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்னா ரெண்டு மடங்கு, அப்போ ஏறக்குறைய மூணு நிமிஷத்துக்கு ஒரு வண்டி உங்க முன்னாடி நிக்கணும். நீங்க சாயங்காலம் உக்காந்து எழுதுன நோட்டைத் திறந்து பாருங்க, அந்த ஒரு மணி நேரத்துல அந்தப் பக்கம் அத்தனை வண்டி எதுக்காவது நின்னுதா? நிக்கலனா இடத்தை விடுங்க.

ரெண்டு வகைக்கு மேல ஆரம்பத்துல வைக்காதீங்க. மார்ச்சுலேருந்து மே வரைக்கும் தர்பூசணியும் இளநீரும், அப்புறம் மாம்பழ சீசன், மத்த நாள்ல வாழை, கொய்யா. ஆப்பிள் ஆரஞ்சு அடுக்குனா பாக்க அழகா இருக்கும், ஆனா அது எல்லா இடத்துலயும் கெடைக்கும், ஹைவேல வண்டியை நிறுத்த வைக்காது. கார்பைடு கல் வச்சுப் பழுக்க வச்ச மாம்பழம் தடை, சோதனைல புடிச்சா மொத்த சரக்கையும் கொட்டிடுவாங்க, வாங்கற எடத்துலயே கேட்டு எடுங்க. தோல் முழுக்க ஒரே மஞ்சளா இருந்தும் காம்புக்கிட்ட வாசனையே இல்லனா சந்தேகப்படுங்க.

மேசையைப் பட்டாவுக்குள்ள தள்ளி வச்சா வண்டில போறவன் கண்ணுக்குத் தெரியாதேனு கேப்பீங்க. அதுக்கு ஷெட்டுக்கு முன்னாடி, பட்டா எல்லைக்கு உள்ளயே படிப்படியா உயரமா பலகை அடுக்கி, மேல நல்ல வெளிச்சத்துல ரெண்டு லைட்டு போடுங்க. அந்த 14 அடி காலியா இருக்கறது தான் உங்களுக்கு லாபம், பைக் ஒதுங்கி நிக்க அது தான் இடம். அதுல மேசையைப் போட்டீங்கனா கஸ்டமர் சர்வீஸ் ரோட்டு மேலயே நிக்கணும், ரெண்டு நாள்ல போலீஸ் அவங்க வண்டி நம்பரை போட்டோ எடுத்து அபராதம் போடும், அபராதம் கட்டுனவன் திரும்ப வரமாட்டான்.

கடைசியா அக்ரிமென்ட்டும் மழையும்

வழக்கமான பதினோரு மாச அக்ரிமென்ட்டுல மூணு வரி சேருங்க. வாடகை இந்த சர்வே நம்பர்ல பட்டாவுக்கு உட்பட்ட 620 சதுர அடிக்கு மட்டும்னு ஒண்ணு. நிலமெடுப்போ நெடுஞ்சாலை நடவடிக்கையோ வந்து கடை நடத்த முடியாம போனா அட்வான்ஸ் இத்தனை நாளுக்குள்ள முழுசா திரும்பணும்னு ஒண்ணு. தொழில் உரிமம், மின் இணைப்பு மாத்தறதுக்கு ஓனர் கையெழுத்து போட்டுத் தரணும்னு ஒண்ணு. 2017 வாடகைச் சட்டப்படி அக்ரிமென்ட்டைப் பதிவும் பண்ணிடுங்க. அட்வான்ஸ் 1 லட்சத்தையும் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு சனி ஞாயிறு தள்ளுவண்டி வாடகைக்கு எடுத்து பட்டாவுக்குள்ள நிறுத்தி வித்துப் பாக்க ஓனர் கிட்ட கேளுங்க, அதுக்கு ரெண்டு நாள் வாடகை குடுத்தாலும் தப்பில்ல.

இடத்தைப் பாக்க கோடைல போனீங்கனா ஷெட் சுவத்துல தண்ணி நின்ன கறை எவ்ளோ உயரத்துல இருக்குனு பாருங்க. அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் சர்வீஸ் ரோடு மெயின் ரோட்டை விட தாழ்வா இருக்குற எடத்துல எல்லாம் முழங்கால் தண்ணி நிக்கும், புழல் ஏரி உபரித் தண்ணி திறந்துவிட்டா சாமியார்மடம், மஞ்சம்பாக்கம் பக்கம் கால்வாய் ஓரத்து ரோடுகளும் சேந்து அடைபடும். அந்த மூணு மாசத்துல பாதி நாள் வியாபாரம் இல்லனு வச்சே வருஷக் கணக்கைப் போடுங்க, முடிஞ்சா அந்த மாசங்களுக்கு வாடகை பாதினு அக்ரிமென்ட்டுலயே பேசிடுங்க. பலகை, தராசு, லைட்டு எல்லாம் ஒரு குட்டி யானைல ஒரே நடைல ஏத்துற மாதிரி இருக்கணும், செவுரு கட்டறது, தரைல டைல்ஸ் ஒட்டறது எல்லாம் ரெண்டாவது வருஷம் பாத்துக்கலாம்.